மின்னோட்டம் நின்ற பிறகு ஒரு மணி நேரம்

சில மின்சார ஸ்கூட்டர்களில் மேம்பாலம் ஏறும்போது திரையில் சார்ஜ் கோடு ஒன்று குறையும். சிக்னலில் நின்றதும் அது திரும்ப வந்துவிடும். பேட்டரிக்குள் புதிதாக எதுவும் ஏறிவிடவில்லை. சுமை கூடும்போது செல்லின் மின்னழுத்தம் தாழ்கிறது, சுமை போனதும் மீள்கிறது, அவ்வளவுதான். இது எப்போது, எவ்வளவு நடக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட, பொறியாளர்கள் செல்லுக்குப் பதிலாகக் கணினியில் ஒரு சிறிய மின்சுற்றை வைக்கிறார்கள். இதற்குச் சமான மின்சுற்று மாதிரி என்று பெயர்.

அதில் முதலில் இருப்பது ஒரு மின்னழுத்த மூலம். செல் நன்றாக ஓய்வெடுத்த நிலையில் காட்டும் மின்னழுத்தம் அது. மீதமுள்ள சார்ஜைப் பொறுத்து மாறும். அடுத்தது R0 என்ற மின்தடை. அதற்கும் அடுத்து, மின்தடையும் மின்தேக்கியும் பக்கத்துணையாக இணைந்த ஜோடிகள். மின்னோட்டம் பாய்ந்த நொடியிலேயே வரும் வீழ்ச்சியை R0 காட்டும். தாமதமாக வரும் வீழ்ச்சியை ஜோடிகள் காட்டும். பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு ஜோடிகள் போதும்: ஒன்று சில நொடிகளில் அடங்கும், மற்றது பல நிமிடம் இழுக்கும்.

இந்த எண்களை எங்கிருந்து எடுப்பது? 2.5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயனி செல் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 2.5 ஆம்பியரை ஆறு நிமிடம் எடுக்கிறோம்; சார்ஜ் 60 விழுக்காட்டிலிருந்து 50க்கு இறங்குகிறது. பிறகு மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் மின்னழுத்தத்தை மட்டும் பதிவு செய்கிறோம். நமக்கு வேண்டியதெல்லாம் இந்த ஓய்வு நேரப் பதிவில்தான் கிடைக்கும். அப்போது சார்ஜ் மாறுவதில்லை. எனவே மின்னழுத்தம் ஏறுவது மீட்சியால் மட்டுமே.

நிறுத்தும் தருணத்தில் 3.520 வோல்ட். உடனே 3.595க்குத் தாவுகிறது. அந்த 75 மில்லிவோல்ட்டை 2.5 ஆம்பியரால் வகுத்தால் R0 30 மில்லி ஓம். இங்கே பதிவு வேகம் முக்கியம். பத்து நொடிக்கு ஒருமுறைதான் பதிகிறோம் என்றால் மெதுவான மீட்சியிலும் ஒரு பங்கு இந்தத் தாவலில் கலந்து, R0 34 மில்லி ஓம் என்று வந்து நிற்கும்.

மீதி 55 மில்லிவோல்ட் மெல்ல ஏறி 3.650இல் நிற்கிறது. கடைசி மதிப்புக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை மடக்கை அளவில் வரைந்தால் வால்பகுதி நேர்க்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைத் தொடக்கத்துக்கு நீட்டினால் 30 மில்லிவோல்ட், அதன் நேர மாறிலி 400 நொடி. அதைக் கழித்தால் மிஞ்சுவது 25 மில்லிவோல்ட், 20 நொடி. வேகமான ஜோடிக்கு R1 10 மில்லி ஓம். நேர மாறிலியை அதனால் வகுத்தால் C1 2,000 ஃபாரட். செல்லுக்குள் இப்படியொரு மின்தேக்கி கிடையாது. மீட்சியின் வேகத்தைக் குறித்துவைக்கும் எண் மட்டுமே அது.

மெதுவான ஜோடியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 30ஐ 2.5ஆல் வகுத்து R2 12 மில்லி ஓம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 400 நொடி கேட்கும் ஜோடிக்கு நாம் கொடுத்தது 360 நொடிதான்; அதற்குள் அது தன் முழு வீழ்ச்சியில் 59 விழுக்காட்டைத்தான் எட்டியிருக்கும். ஆகவே 12ஐ 0.593ஆல் வகுக்க வேண்டும். சரியான R2 ஏறக்குறைய 20 மில்லி ஓம். அரை மணி நேரம் தொடர்ந்து இதே மின்னோட்டம் போனால், தவறான மாதிரி ஒரு செல்லுக்கு 20 மில்லிவோல்ட் கூடுதலாகக் காட்டும். 14 செல்கள் தொடராக உள்ள பேட்டரியில் அது 0.28 வோல்ட். காலியாகும் தறுவாயில், வண்டி நிற்கும் இடத்தையே மாற்றும் அளவு இது.

எண்கள் கிடைத்துவிட்டால் கணினிக்கு வேலை சுலபம். ஒவ்வொரு நொடிக்கும் இந்த நாலைந்து வரிகள் ஓடினால் போதும்:

```
v1 = a1*v1 + R1*(1-a1)*I
v2 = a2*v2 + R2*(1-a2)*I
soc = soc - I*dt/(3600*Q)
V = ocv(soc) - R0*I - v1 - v2
```

இதில் `a1` என்பது `exp(-dt/tau1)`; `a2`வும் அப்படியே.

பிறகு எண்களை எடுக்கப் பயன்படுத்தாத வேறொரு ஓட்டப் பதிவைக் கொடுத்து, மாதிரியின் பிழையை வரைந்து பார்க்க வேண்டும். மின்னோட்டம் மாறும் இடங்களில் ஊசிபோல் பிழை தெரிந்தால் R0 சரியில்லை. பிழை மணிக்கணக்கில் ஒரே பக்கமாக நகர்ந்தால் கொள்ளளவையோ ஓய்வு மின்னழுத்த அட்டவணையையோ சந்தேகிக்க வேண்டும். சார்ஜ் 10 விழுக்காட்டுக்குக் கீழே மட்டும் பிழை பெருத்தால் அங்கே தனியாக அளந்த எண்கள் வேண்டும்; செல் காலியாகும் நேரத்தில் மின்தடை வேகமாக உயரும்.

குளிரிலும் இதே கதைதான். 25 டிகிரி செல்சியஸில் அளந்த எண்கள் 0 டிகிரியில் செல்லாது. அங்கே மின்தடை சில மடங்கு கூடிவிடும். ஊட்டியில் ஓடப்போகும் வண்டிக்கு மாதிரி அமைப்பவர்கள் ஆறு நிமிடச் சோதனையைக் குளிர் அறையிலும் ஒருமுறை நடத்திவிடுங்கள்.