அடுக்குமாடிக் குடித்தனம் – 23
பில்டர் சொன்ன நாலாவது விஷயம்

பத்திரம் பதிந்தாயிற்று, நிறைவுச் சான்றிதழும் வந்தாயிற்று. போன வாரம் அங்கே நிறுத்தினேன். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் சாவி. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி 120 வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஷாமியானா, ஸ்பீக்கரில் நாதஸ்வரம், போட்டோவுக்காக அட்டையில் செய்த மூன்றடிச் சாவி. இத்தனை அமர்க்களத்திலும் பில்டர் சுருக்கமாகத்தான் பேசினார்.

“ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் இ.எம்.ஐ.னு கட்டிக்கிட்டு எங்களை நம்பிக் காத்திருந்தீங்க. எல்லாருக்கும் நன்றி. இனிமே பாத்துக்க வேண்டியது நீங்கதான். நாலே விஷயம். பாத்ரூம் தரையை உடைச்சு டைல்ஸ் மாத்தாதீங்க, அடியில இருக்கிற வாட்டர்ப்ரூஃபிங் போயிடும். சம்ப்பையும் மேல் தொட்டியையும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை கழுவுங்க. மழைக்கு முன்னாடி மொட்டைமாடிக் குழாய் வாயில அடைச்சிருக்கிற இலையை எடுத்துடுங்க. கடைசியா, எஸ்.டி.பி. ப்ளோயரை ராத்திரியில நிறுத்தாதீங்க.”

மூன்றுக்கும் தலையாட்டிய கூட்டம் நாலாவதில் முழித்தது. “கரண்ட் பில் எவ்வளவு சார் வரும்?” என்றார் ஒருவர். “பில் வரும் சார். நிறுத்தினா நாத்தம் வரும்” என்று சொல்லிவிட்டு பில்டர் இறங்கிவிட்டார்.

எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போக, நான் எஸ்.டி.பி. ஆபரேட்டருடன் அடித்தளத்துக்குப் போனேன். கழிவுநீரைச் சுத்தம் செய்வது மோட்டார் என்று நினைத்தால் தப்பு. வேலை செய்வது பாக்டீரியா. ப்ளோயர் அதற்கு மூச்சுக்காற்று கொடுக்கிறது, அவ்வளவுதான். இதைக் கண்டறிந்த கதைதான் இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது.

மான்செஸ்டர் நகரின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் ஆர்டன், லாக்கெட் என்று இரண்டு வேதியியலாளர்கள். பாட்டிலில் கழிவுநீரை ஊற்றிக் காற்றை ஊதினார்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்குமென்று பாட்டிலைப் பழுப்புக் காகிதத்தால் சுற்றினார்கள். முதல் தடவை நீர் முழுதாகச் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் ஆயிற்று. அடியில் தங்கிய சேற்றை மற்றவர்களைப் போலக் கொட்டிவிடாமல், அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். உறைமோர் விட்ட மாதிரி வேலை வேகமெடுத்தது. திரும்பத் திரும்பச் செய்ததில் ஒரு நாளுக்குள் முடிந்தது. 1914-இல் வெளியிட்டார்கள். நம் அடித்தளத்தில் ஓடுவதும் அந்த முறையின் வாரிசுதான்.

ஆபரேட்டர் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் தொட்டி நீரை மொண்டு வைத்தார். அரை மணி நேரத்தில் பழுப்புச் சேறு அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். சேறு கால் குடுவை அளவுக்கு இருந்து, மண்வாசனை அடித்தால் நல்லது. கருத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. அன்றைக்குக் குடுவையில் விரல் கனத்துக்குக்கூடச் சேறு இல்லை, மேலே கலங்கல்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 120 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவாகும் என்று வைத்தால் சுமார் 65,000 லிட்டர். நிலையம் அதற்குக் கட்டியது. ஏற்கெனவே குடிவந்திருப்பதோ இருபது குடும்பம், வீட்டுக்கு மூன்று பேர். அதே கணக்கில் 6,500 லிட்டர்கூட வராது. பாக்டீரியா பட்டினி. ஓடுகிற வேறு நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றலாம். சாணம் கரைத்தும் ஊற்றுகிறார்கள். ஆனால் தினமும் தீனி வராவிட்டால் அதுவும் நிலைக்காது. ஆள் குறைவாக இருக்கையில் ப்ளோயரை விட்டு விட்டு ஓட்டலாம்தான். எத்தனை மணி என்பதைக் குடுவையைப் பார்த்து ஆபரேட்டர் சொல்லட்டும், பில்லைப் பார்த்து செயலாளர் சொல்ல வேண்டாம். ராத்திரி முழுக்க நிறுத்தினால் காற்றில் வாழும் பாக்டீரியா நலிந்து, நாற்றம் கிளப்பும் வகை தலையெடுக்கும்.

நிலையத்திலேயே குறை இருந்தால்? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-இன்படி, சாவி கொடுத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ வசதிகளிலோ குறை தெரிவித்தால் பில்டர் 30 நாளுக்குள் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். சண்டை வரும் இடம், அது அவர் கட்டிய குறையா, நாம் பராமரிக்காத குறையா என்பதில்தான். தினமும் குடுவை அளவையும் ப்ளோயர் ஓடிய நேரத்தையும் எழுதிய நோட்டு இருந்தால் நம் பக்கம் பேச ஆதாரம் இருக்கும்.

கார்ப்பஸ் ஃபண்ட் கணக்கைச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். இடம் தீர்ந்துவிட்டது, அது அடுத்த வாரம். அதற்குள் சாவி வாங்கப் போகிறவர்கள், அந்த நோட்டையும் குடுவையையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.