மூட்டு மாற்றிய காலுக்கு எந்தச் செருப்பு?

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், முதல் சில வாரங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கிறார். அதனால் வெளியே போட்டுப் போகும் ஷூவைவிட, வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கான ஒரு ஜோடியைத்தான் முதலில் வாங்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவமனையில் மாட்டிவிடும் இறுக்கமான காலுறையோடு அப்படியே டைல்ஸ் தரையில் நடந்தால் கால் வழுக்கும். அதன் மேலும் காலணி தேவை.

ஹவாய் செருப்பு இதற்கு ஆகாது. அது கழன்றுவிடாமல் இருக்க, அடிக்கு அடி விரல்களால் கவ்விப் பிடிக்க வேண்டும். தொடைத் தசை வலுவிழந்து, காலை இழுத்து இழுத்து நடப்பவருக்கு அதன் முனை மடங்கித் தடுக்கும். பின்பக்கம் வார் உள்ள, குதிகாலை உறுதியாகப் பிடிக்கும் காலணியே நல்லது. கடையிலேயே சோதித்துவிடலாம்: கையால் வளைத்தால் விரல் பகுதியில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. குதி உயரம் ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும். மெத்தென்ற தடித்த அடிப்பகுதி சுகமாகத் தோன்றினாலும் நிற்கும்போது காலைத் தள்ளாட வைக்கும்.

அடிப்பகுதியில் வரிப்பள்ளங்கள் வேண்டும். தேய்ந்து வழவழப்பானது உதவாது. அதற்காகத் தரையோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பரும் கூடாது. பாதத்தை முழுதாகத் தூக்காதவரை அது தடுக்கிவிடும்.

முழங்கால் மாற்றியவருக்குப் பாதம் வீங்குவது சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட நீடிக்கும். வீக்கம் கூடியிருக்கும் மாலை நேரத்தில், நின்றபடி அளவு பார்க்க வேண்டும். அகலமாகத் திறந்து, வெல்க்ரோ பட்டையால் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற வகை இங்கே கைகொடுக்கும்.

இடுப்பு மாற்றியவரின் சிக்கல் வேறு. இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்யப்பட்ட 68 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, அந்தக் காலை உட்புறமாகத் திருப்பக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மீறினால் புதிய மூட்டு நழுவக்கூடும். குனிந்து வார் மாட்டுவதும், கால்மேல் கால் போட்டு மாட்டுவதும் இந்தத் தடைகளை மீறக்கூடிய செயல்கள். அவர் உயரமான, கைப்பிடியுள்ள நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னே நீட்டி, இரண்டடி நீள ஷூ ஹார்னால் குதிகாலை உள்ளே இறக்க வேண்டும். பட்டையை வீட்டார் ஒட்டிவிடலாம். மருத்துவர் தளர்த்தும்வரை, பெரும்பாலும் 6 முதல் 12 வாரம், இப்படித்தான்.

ஒரு கால் நீண்டுவிட்டதுபோல் தோன்றினால் தானாகவே செருப்புக்குள் அட்டை வைக்கக் கூடாது. தசைகள் பழகும்போது அந்த உணர்வு பலருக்கும் மறைந்துவிடும்.

நேற்றுவரை பொருந்திய காலணி இன்று திடீரென நுழையாமல், கெண்டைக்காலிலும் வலி இருந்தால் அது ரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.