60 ஷீட்டா, 144 ஷீட்டா?

சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடையில் முதலில் வருவது, "எத்தனை ஷீட் வேணும்ணே?" என்ற கேள்விதான். வீடு கட்டுபவரிடம் பெரும்பாலும் இன்ஜினியர் எழுதிக் கொடுத்த சதுர மீட்டர் கணக்கு ஒன்று இருக்கும். அதை ஒரு ஷீட்டின் பரப்பால் வகுத்து, வந்த எண்ணைச் சொல்லிவிடுவார். மேல்தளத்துக்கு இந்த வகுத்தல் ஓரளவு ஒத்துவரும். சுவருக்குச் சரியாக வருவதுபோல் இருந்து கடைசியில் கொஞ்சம் காலை வாரும். தூணுக்கோ அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முதலில் அந்தச் சதுர மீட்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஈரக் கான்கிரீட் எந்தப் பரப்பில் ஷீட்டைத் தொடுகிறதோ, அந்தப் பரப்பு மட்டுமே கணக்கு. கட்டடப் பணிகளை அளக்கும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200-இன் ஐந்தாம் பகுதியும் இதைத்தான் அடிப்படையாக வைக்கிறது. தூணைச் சுற்றி ஒரு காகிதத்தை ஒட்டி, பிறகு பிரித்துத் தரையில் விரித்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் ஒரு பக்கம் தூணின் சுற்றளவு, இன்னொரு பக்கம் உயரம். இரண்டையும் பெருக்கினால் தொடும் பரப்பு வந்துவிடும். தூணின் உச்சி திறந்தே இருக்கும், அடி ஏற்கெனவே இறுகிய கான்கிரீட்டின் மேல் நிற்கும். அவை இரண்டும் கணக்கில் சேராது.

தமிழ்நாட்டில் சாதாரணமாகக் கட்டப்படும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் 12 தூண்கள். ஒவ்வொன்றும் ஒன்பதுக்குப் பன்னிரண்டு இஞ்ச், கணக்குக்கு 23 செ.மீ., 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றளவு 1.06 மீட்டர். பிளிந்த் பீமின் மேல்மட்டத்திலிருந்து கூரைத் தளத்தின் மேல்மட்டம் வரை 3 மீட்டர். கூரை பீமின் ஆழம், தளத்தின் கனத்தையும் சேர்த்து, 45 செ.மீ.

உயரத்தை எடுக்கும் இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. தூணுக்குக் கான்கிரீட் போடும்போது பீமின் அடிமட்டத்தோடு நிறுத்துவார்கள். அதற்கு மேலுள்ள 45 செ.மீ. பிறகு பீமோடும் தளத்தோடும் சேர்ந்து வார்க்கப்படும். அங்கே வெளிப்பக்கம் அடைக்கும் ஷீட்டும் பீம் பக்கக் கணக்கில் போய்விடும். ஆக தூணின் உயரம் 2.55 மீட்டர்தான். ஒரு தூணுக்கு 2.70 சதுர மீட்டர், பன்னிரண்டுக்கும் 32.44 சதுர மீட்டர். யாராவது 3 மீட்டர் என்று போட்டிருந்தால் கணக்கு 38.16 ஆக ஏறியிருக்கும். கூடுதலான அந்த 5.72 சதுர மீட்டருக்குத் தூணில் ஒரு முறையும் பீமில் இன்னொரு முறையும் கூலி எழுதப்படும். பில்லைச் சரிபார்ப்பவர் முதலில் கண்வைக்க வேண்டிய இடம் இது.

இனி ஷீட். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரும்பு ஷீட் மூன்றடிக்கு இரண்டடி, அதாவது 90 செ.மீ., 60 செ.மீ. அதன் பரப்பு 0.54 சதுர மீட்டர். 32.44-ஐ 0.54-ஆல் வகுத்தால் 60 வருகிறது. கணக்கு பிழையில்லாதது, ஆனால் பயன்படாதது. 23 செ.மீ. அகலத் தூண் முகத்தில் 60 செ.மீ. அகல ஷீட்டை எங்கே வைப்பது? நான்கு பக்கமும் சேர்ந்து மூலையில் பூட்டிக்கொள்ளும் பெட்டி அது. முகத்தின் அகலத்துக்கு ஏற்ற ஷீட்தான் வேண்டும்.

எனவே தூணுக்குப் பரப்பை வகுக்காமல் முகத்தை எண்ண வேண்டும். 90 செ.மீ. நீளமுள்ள ஷீட்டில் 2.55 மீட்டர் ஏற, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வேண்டும். மூன்றும் சேர்ந்து 2.70 மீட்டர் நிற்கும். மிச்சமுள்ள 15 செ.மீ. மேலே சும்மா நீட்டிக்கொண்டிருக்கும். கான்கிரீட் எங்கே நிற்க வேண்டும் என்பதை உள்ளே அடையாளம் செய்துவிட்டால் போதும். ஒரு முகத்துக்கு மூன்று, நான்கு முகத்துக்கு 12 ஷீட். அதில் ஒன்பது இஞ்ச் அகலம் ஆறு, பன்னிரண்டு இஞ்ச் அகலம் ஆறு. பன்னிரண்டு தூணையும் ஒரே நாளில் வார்ப்பதானால் 144 ஷீட்.

ஒரே நாளில் வார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐ.எஸ். 456 (2000) தரநிலை, தூண், சுவர் போன்ற நிமிர்ந்த பரப்புகளின் பெட்டியைச் சாதாரண சிமென்டும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பமும் இருந்தால் 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம் என்கிறது. இன்று மாலை நான்கு தூண் வார்த்தால், நாளை மாலை பிரித்து, சுரண்டி, எண்ணெய் தடவி, மறுநாள் அடுத்த நான்குக்குத் தூக்கி நிறுத்தலாம். நான்கு தூணுக்கு 48 ஷீட் போதும். மூன்று சுற்று, சுமார் ஆறு நாள். ஆறு தூணாக எடுத்தால் 72 ஷீட், நான்கு நாள். வாடகை நாள் கணக்கில் ஓடுவதால், ஷீட்டைக் கூட்டினால் நாள் குறையும், நாளைக் கூட்டினால் ஷீட் குறையும். ஆள் எத்தனை பேர், ஒரு நாளில் எத்தனை பெட்டியைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக நிறுத்த முடியும் என்பதே இங்கே முடிவுசெய்யும் விஷயம். அவசரப்பட்டு 144 எடுத்து, அதில் பாதி வெயிலில் அடுக்கிக் கிடக்கும் தளங்களும் உண்டு.

இரும்புக்குப் பதில் பிளைவுட் என்றால் வேறு சிக்கல். எட்டடி பிளைவுட்டின் நீளம் 2.44 மீட்டர். நம் தூணுக்கு 11 செ.மீ. போதாது. தவிர, பலகைக்குக் கனம் உண்டு. 12 மி.மீ. பலகையில் குறுகிய முகத்தை 23 செ.மீ. என்று அறுத்தால், அகன்ற முகம் அந்தக் கனத்தையும் மூடியாக வேண்டும். அதனால் அது 30 செ.மீ.க்குப் பதில் 32.4 செ.மீ. ஆகிவிடும். தொடும் பரப்பு மாறாது, வாங்கும் பலகை கூடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏமாற்றுவது ஷீட்டின் நிலை. ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2.4 டன். 2.55 மீட்டர் உயரத்தையும் வேகமாக நிரப்பினால், அடியில் உள்ள ஒரு 30 செ.மீ. அகல ஷீட்டை மட்டும் சுமார் 1.4 டன் வெளியே தள்ளும். அதனால்தான் நல்ல மேஸ்திரி கிளாம்பை அடியில் நெருக்கமாகவும் மேலே இடைவிட்டும் போடுகிறார். சுத்தியலால் அடித்துப் பிரித்து விளிம்பு வளைந்த ஷீட் அந்த அழுத்தத்தில் வாய் பிளக்கும். சிமென்ட் பால் அதன் வழியே வடிந்து, தூணின் அடியில் ஜல்லி மட்டும் தேன்கூடு மாதிரி நிற்கும். பெட்டி பூட்டியதும் உள்ளே எட்டிப் பார்த்தால் மூலையில் வெளிச்சக் கோடு தெரிகிறதா என்று புரிந்துவிடும். கடையில் ஷீட் எண்ணும்போதே வளைந்ததை ஒதுக்கினால், எண்ணிக்கை நிஜ எண்ணிக்கையாக இருக்கும்.

சுவருக்கு இதே வீட்டின் தண்ணீர்த் தொட்டியையே பார்க்கலாம். தரைக்கடியில் கட்டும் சம்ப் அது. உள்ளளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர், சுவர் கனம் 15 செ.மீ., உயரம் 2 மீட்டர். சுவருக்கு இரண்டு முகம், இரண்டுக்கும் சுற்றளவு வேறு. உட்சுற்று 10 மீட்டர், வெளிச்சுற்று 11.2 மீட்டர். உள்ளே 20, வெளியே 22.4, மொத்தம் 42.4 சதுர மீட்டர். உட்சுற்றையே இரண்டு முறை போட்டு 40 என்று எழுதுவது வழக்கமான சறுக்கல். சுவரின் நடுக்கோட்டுச் சுற்றளவு 10.6 மீட்டரை எடுத்து இரட்டித்து உயரத்தால் பெருக்கினாலும் அதே 42.4 வரும். சரிபார்க்க நல்ல வழி.

வகுத்தால் 79 ஷீட். இனி நிஜமாக அடுக்கிப் பார்ப்போம். இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை நிமிர்த்தி, அதன் மேல் இரண்டு வரிசை படுத்து வைத்தால் 90, 60, 60 என 2.10 மீட்டர் வரும். வெளிப்பக்கம் ஷீட் மூலையைத் தாண்டி நீண்டாலும் தடையில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு முனையில் அடுத்த பக்கத்தில் முட்டி, மறுமுனையில் தாண்டிப் போகட்டும். நிமிர்ந்த வரிசைக்கு 20, படுத்த வரிசை ஒவ்வொன்றுக்கும் 14, ஆக 48. உள்பக்கம் தாண்ட இடமில்லை. நிமிர்ந்த வரிசைக்கு 16, படுத்தவற்றுக்குப் பத்துப் பத்து, ஆக 36. மொத்தம் 84 ஷீட். இதற்கு மேல், உள்ளே முழு ஷீட் நுழையாத இடைவெளிகளுக்கு மரத்துண்டு வேறு.

அந்த மரத்துண்டைக் குறையென்று நினைக்க வேண்டாம். நான்கு பக்கமும் கான்கிரீட் சூழ்ந்த உள்பெட்டியை இரும்பு ஷீட்டாலேயே இறுக்கமாக முடித்துவிட்டால், பிரிக்கும் நாளில் ஒன்றும் அசையாது. ஒரு ஷீட்டை நெம்ப, அது அடுத்ததில் முட்டும். எல்லா மரத்துண்டையும் முதலில் உருவிவிட்டால் கிடைக்கும் இடைவெளியில் பக்கங்கள் உள்ளே நகர்ந்து வெளிவரும். சில மேஸ்திரிகள் ஷீட் சரியாகப் பொருந்தும் இடத்தில்கூட வேண்டுமென்றே ஒரு பட்டை இடம் விடுவது இதற்காகத்தான்.

சுவரில் திறப்பு இருந்தால் பரப்பும் ஷீட்டும் தனித்தனி வழியில் போகும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிப்படி 0.4 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. சம்பில் குழாய் நுழையும் துளை எதுவும் அந்த அளவை எட்டாது. அதே கனமுள்ள லிஃப்ட் சுவரில் 90 செ.மீ. அகலம், 2.10 மீட்டர் உயரத்தில் கதவு வாசல் என்றால் கதை வேறு. இரண்டு முகத்திலும் தலா 1.89 சதுர மீட்டர் கழியும். வாசலின் இரு பக்கமும் மேல்பக்கமும் கான்கிரீட்டைத் தொடுவதால் 0.77 சதுர மீட்டர் திரும்பச் சேரும். பில்லில் நிகரமாக 3 சதுர மீட்டர் குறையும். ஆனால் பெரும்பாலும் ஷீட்டை வாசலின் குறுக்கே அப்படியே ஓடவிட்டு, நடுவே ஒரு மரப்பெட்டியை வைத்துத்தான் வார்ப்பார்கள். வாடகைக் கடையில் எண்ணும்போது ஒரு ஷீட்கூடக் குறையாது.