செருப்பைக் கழற்ற வேண்டிய இடம்

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் கிரானிலிருந்து கல்குடாப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள், தண்ணீரைத் தொடுமுன் காய்ந்த வெண்மணலைத் தாண்ட வேண்டும். நடுப்பகலில் காற்றின் வெப்பம் 34 பாகை என்றால் அந்த மணலின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டிவிடும். மணிகளுக்கு நடுவே காற்று நிற்பதால் சூடு கீழே இறங்காமல் மேலேயே தங்கிவிடுகிறது. நாலு விரற்கடை தோண்டிப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். கால் சுடும்போது பிள்ளைகள் பாதத்தை மணலுக்குள் புதைத்துக்கொள்வது இதனால்தான்.

60 பாகை சூடான இரும்பைத் தொட்டால் ஐந்தாறு விநாடியில் தோல் வெந்துவிடும். மணல் இரும்பைப்போல் சூட்டைச் சட்டென்று கடத்தாது. அதனால் பத்து எட்டு ஓடித் தப்பிவிடலாம். ஆனால் மணல் பாதத்தின் குழிவிலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு எட்டிலும் புதுச் சூடு சேரும். காலையில் வெறுங்காலோடு இறங்கி நடந்துவிட்டு, செருப்பைத் தொலைவில் விட்டுவிட்டு நண்பகலில் திரும்புகிறவர்களுக்குத்தான் கொப்புளம் போடுகிறது. மணலை நம்பலாமா என்று அறிய, புறங்கையை அதன்மேல் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் வெறுங்காலும் வேண்டாம்.

காய்ந்த மணலுக்குச் செருப்பு வேண்டும். அலை வந்து போகும் ஈரமணலை மிதித்ததும் அது கையில் இருப்பதே நல்லது. ஈரமணல் குளிர்ந்தும் இறுகியும் கிடக்கும். விரல்கள் அதைப் பற்றிக்கொள்ளும். தளர்ந்த மணலில் நடப்பதற்கு உறுதியான தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. நீண்ட தூரம் நடக்கிறவர்கள் ஈரக்கரையை ஒட்டியே நடப்பதற்கு இதுவே காரணம். வார்ச்செருப்போடு அங்கே நடந்தால், குதியில் அது சளக்கென்று அடித்து மணலைக் கெண்டைக்கால்வரை வீசும். விரலிடுக்கில் வாரோடு ஈரமணல் அரைபட்டுத் தோல் உரியும். அந்த எரிச்சலை மறுநாள்தான் உணர்வார்கள்.

மட்டக்களப்பு வாவிக்குள் இறங்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. அங்கே சூடு இல்லை, சிப்பிதான் ஆபத்து. கண்டல் வேர்களிலும் கல்லிலும் ஒட்டி வளரும் சிப்பிகள் செத்த பிறகு, ஓடுகள் சேற்றில் விளிம்பு மேலாகக் குத்தி நிற்கும். கலங்கிய தண்ணீரில் அவை கண்ணுக்குத் தெரியாது. வார்ச்செருப்பைச் சேறு பிடித்துக்கொள்ளும். காலைத் தூக்கும்போது வார் பிடுங்கிக்கொண்டு வரும், இல்லையென்றால் பாதம் செருப்பிலிருந்து பக்கவாட்டில் வழுக்கி நேராக ஓட்டில் இறங்கும். கீழ்ப்பாதத்தைக் காட்டிலும் விரலின் ஓரமும் குதியின் பக்கமும் அறுபடுவது இதனால்தான். மெல்லிய பஞ்சு அடியும் உதவாது. பெருவிரலால் அழுத்தினால் எளிதில் பள்ளம் விழும் அடியைச் சிப்பி துளைத்துவிடும்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுத் தேய்ந்த கன்வஸ் சப்பாத்துப்போல, முழுப்பாதத்தையும் மூடி கயிற்றால் இறுக்கக்கூடியதே வாவிக்கு ஏற்றது. சப்பாத்தின் ஓரத்தில் இரண்டொரு துளை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் அடியில் இழுத்தபடி நடந்தால், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கையும் விலகிப் போய்விடும். பாசிக்குடாவில் பவளப்பாறைத் துண்டுகள் கிடக்கும் பகுதிக்கும் இந்தச் சப்பாத்துதான். சுத்தமான மணலடிக்கு எதுவும் தேவையில்லை.

ஆனி மாதத்தில் இந்தக் கரையோரம் வழியாகக் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் போவார்கள். வெறுங்காலில் நடப்பவர்கள் பலர். அவர்கள் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறியதும் கோயிலிலோ மடத்திலோ தங்கி, பொழுது சாய்ந்த பிறகே மீண்டும் நடப்பார்கள். செருப்பு இல்லாதவருக்கு நேரமே செருப்பாகிறது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த முறையும் போதாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடும் தெரியாது, ஓடு அறுத்ததும் தெரியாது. மாலையில் யாராவது ரத்தக் கறையைப் பார்த்துச் சொல்லும்போதுதான் தெரியவரும். அவர்கள் ஈரமணலிலும் மூடிய காலணியோடு நடக்க வேண்டும். திரும்பி வந்ததும் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

வாவியிலோ கடலிலோ வெட்டுப்பட்டால் சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு நன்றாகக் கழுவி, ஓட்டுத் துணுக்கு உள்ளே இல்லையென்று பார்க்க வேண்டும். துணுக்கு உள்ளே இருந்தால் காயம் ஆறாமல் சீழ் கட்டும். ஏற்பு ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும். சூடான கடல்நீரில், குறிப்பாக உவர்நீரில், விப்ரியோ என்ற கிருமி வாழ்கிறது. ஈரல் நோயோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு அது ஒரு நாளுக்குள் பாதத்தையே அழிக்கக்கூடும். காயத்தைச் சுற்றிய சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, வெட்டின் அளவுக்குப் பொருந்தாத வலி, கருநீலக் கொப்புளம், காய்ச்சல் எதுவும் வந்தாலோ, இரவென்று பாராமல் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். கடல்நீரில் வெட்டிய காயம் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் கொடுக்கும் மருந்து மாறும்.