'நாளைக்கு 15 கட்டு' என்றால் எந்த நாளைக்கு? வாட்ஸ்அப் ஆர்டரை உறுதிச் சீட்டாக்கும் வழி

'அண்ணே, நாளைக்கு சாயங்காலம் நுனி இலை 15 கட்டு ஏத்தி விட்டுருங்க. ரேட்டு பாத்துக்கலாம்.'

தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் பூவன் வாழை வைத்து இலை அறுக்கும் விவசாயி ஒருவருக்கு, மதுரை மொத்த வியாபாரி அனுப்பிய குரல் பதிவு இது. அனுப்பிய நேரம் செவ்வாய் நள்ளிரவு 12.20. வியாபாரி மனதில் 'நாளைக்கு' என்பது புதன். விவசாயி அதைக் கேட்டதோ புதன் காலை 6 மணிக்கு. அவர் கணக்கில் 'நாளைக்கு' என்பது வியாழன்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். சமையல்காரர்கள் வியாழன் பகலிலேயே இலை வாங்கி முடித்துவிட்டார்கள். இவருடைய இலை வெள்ளி விடியற்காலையில்தான் மதுரையில் இறங்கியது. கட்டு 700 ரூபாய் கிடைக்கும் என்று நினைத்திருந்தவருக்கு 350 ரூபாய்தான் வந்தது. 15 கட்டுக்கு 5,250 ரூபாய் நஷ்டம். இருவரில் யாரும் ஏமாற்றவில்லை. பேச்சில் தேதியும் இல்லை, விலையும் இல்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். ஆர்டர் எப்படி வந்தாலும், கத்தியை எடுக்கும் முன் அதைத் தன் கையால் எழுதி வியாபாரிக்குத் திருப்பி அனுப்புகிறார்.

அடுத்து வந்த ஆர்டர் இது: 'வெள்ளிக்கு 15 நுனி, அஞ்சு ஏடு வேணும்ணே. போன ரேட்டே போட்டுக்கலாம்.' இதில் விடுபட்டவை என்ன என்று அவர் முதலில் பார்த்தார். வெள்ளி என்பது இலை அறுக்கும் நாளா, மதுரையில் இறங்கும் நாளா? கட்டுக்கு 100 இலையா, 200 இலையா? 'போன ரேட்டு' என்பது 700-ஆ, 350-ஆ? வண்டி வாடகை யாருடையது? இந்த நான்கை மட்டும் போனில் கேட்டுக்கொண்டு, இப்படி எழுதி அனுப்பினார்:

ஆர்டர் எண் 7
நுனி இலை: 15 கட்டு (கட்டுக்கு 200 இலை) × ரூ.700 = ரூ.10,500
ஏடு: 5 கட்டு (கட்டுக்கு 200 இலை) × ரூ.250 = ரூ.1,250
மொத்தம்: ரூ.11,750
ஏற்றுவது: 11-ம் தேதி வியாழன் மாலை 6 மணி
மதுரையில் இறங்குவது: 12-ம் தேதி வெள்ளி காலை 4 மணிக்குள்
வண்டி வாடகை: வியாபாரி
முன்பணம் ரூ.3,000, பாக்கி ரூ.8,750, 13-ம் தேதி சனிக்குள்
கிழிசல், குறைவு இருந்தால் இறக்கிய அன்று காலை 8 மணிக்குள் போட்டோவுடன் சொல்லவும்
சரி என்றால் 'எண் 7 சரி' என்று எழுதவும். பதில் வந்த பிறகே அறுப்பு.

கடைசி வரிதான் முக்கியம். நீல டிக் வந்தால் வியாபாரி பார்த்தார் என்று மட்டுமே பொருள். ஒப்புக்கொண்டார் என்று ஆகாது. கட்டைவிரல் படமும் எந்த வரிக்குச் சம்மதம் என்று சொல்லாது. ஆர்டர் எண்ணோடு 'சரி' என்று எழுத்தில் வந்தால், பிறகு பேச்சு மாற இடமில்லை.

'சரிண்ணே, ஆனா நுனி 12 போதும்' என்று பதில் வந்தால் அது சம்மதம் அல்ல, புது ஆர்டர். பழைய சீட்டைத் திருத்தக் கூடாது. '7 ரத்து; ஆர்டர் எண் 8' என்று முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். 12 கட்டு நுனி 8,400 ரூபாய், ஏடு 1,250 ரூபாய், ஆக மொத்தம் 9,650 ரூபாய். தொகை மாறும்போது பாக்கியும் 6,650 ரூபாயாக மாறுகிறது. இதை எழுதாமல் விட்டால்தான் கணக்கு முடிக்கும்போது தகராறு வரும்.

தன் பக்கத்துக் குறையையும் அவர் இதே சீட்டில் சொல்லிவிடுகிறார். காற்றடித்து இலை கிழிந்தால் 15 கட்டு தேறாது. அப்போது ஏற்றுவதற்கு முன்பே, 'எண் 7-ல் நுனி 11 கட்டுதான் வரும், மற்றவை அப்படியே' என்று அனுப்புகிறார். வியாபாரி வேறு தோட்டத்தில் வாங்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, உறவும் கெடுவதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பியவரே செய்தியைப் பின்னர் அழித்துவிட முடியும். அதனால் 'சரி' வந்தவுடன் இரண்டும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைப்பதோடு, எண், தேதி, தொகை மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். குரல் பதிவாக 'சரி' வந்தால், 'எழுத்துல ஒரு வரி போட்டுருங்க தம்பி' என்று கேட்டுவிடுகிறார்.

இந்தச் சீட்டு இருந்தாலும், பணம் தர மனமில்லாதவரிடம் பணத்தை வாங்கித் தராது. அதற்கு முன்பணம்தான் காப்பு. ஆனால் 'நான் அப்படிச் சொல்லலையே' என்ற பேச்சுக்கு இது இடம் வைப்பதில்லை. அந்த வியாபாரி இப்போது குரல் பதிவின் முடிவில் தானே சொல்கிறார்: 'தேதி போட்டு அனுப்பிருங்கண்ணே.'