பெயர்ப்பட்டியலிலிருந்து வருகைப் பதிவுத்தாள்

வகுப்பின் பெயர்ப்பட்டியல் ஆண்டு முழுவதற்கும் ஒன்றே. வருகைப் பதிவுத்தாளோ மாதந்தோறும் புதிதாக வேண்டும். மாதத்திற்கு மாதம் நாள்களின் எண்ணிக்கை மாறும். சனியும் ஞாயிறும் வேறு வேறு தேதிகளில் வரும். தாளைச் சரியாக அமைத்துவிட்டால், ஒரே ஒரு தேதியை மாற்றியே அடுத்த மாதத்தின் தேதிகளையும் கிழமைகளையும் பெறலாம். தவறாக அமைத்தால், பள்ளிக்கு வந்த மாணவர் வராதவராகக் காட்டப்படுவார். நாற்பது மாணவர்கள் உள்ள ஒரு வகுப்பிற்கு 2025 ஆகஸ்டு மாதத் தாளை லிப்ரெ ஆபீஸ் கால்க் என்னும் அட்டவணைச் செயலியில் உருவாக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பட்டியலை இடம் மாற்றுதல்

`Roll` என்னும் தாளில் A நெடுவரிசையில் வரிசை எண்ணும் B நெடுவரிசையில் பெயரும் உள்ளன எனக் கொள்வோம். `Aug` என்னும் புதிய தாளைத் திறந்து, இவ்விரண்டையும் அதன் A4 நுண்ணறையிலிருந்து தொடங்கி நகலெடுத்து ஒட்ட வேண்டும். நாற்பது பெயர்களும் 4 முதல் 43 வரையுள்ள கிடைவரிசைகளில் அமையும்.

நகலெடுப்பதற்கு மாற்றாக, `Roll` தாளிலிருந்து பெயர்களை வாய்பாட்டின் வழியே இழுத்துக்கொள்வது எளிது எனத் தோன்றும். அதில் ஒரு பெருந்தவறு மறைந்திருக்கிறது. ஆகஸ்டு 12 அன்று புதிய மாணவர் ஒருவர் சேர்கிறார். பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தியதும் அவர் பெயர் 18ஆம் இடத்திற்கு வருகிறது. அதுவரை 18ஆம் இடத்தில் இருந்தவர் முதல் அனைவரும் ஓரிடம் கீழே இறங்குகின்றனர். வாய்பாட்டால் வந்த பெயர்கள் பதிவுத்தாளிலும் அவ்வாறே இறங்கும். ஆனால் கையால் இட்ட வருகைக் குறிகள் இருந்த இடத்திலேயே நிற்கும். அன்றே சேர்ந்தவருக்கு மாதத்தின் முதல் வார வருகை கிடைத்துவிடும். மற்றவர்களுக்குத் தமக்குப் பின்னிருந்தவரின் குறிகள் வந்து சேரும். தாளைப் பார்க்கும் எவருக்கும் இப்பிழை புலப்படாது. ஆதலால் நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பானது. மாதத்தின் இடையில் சேர்பவரின் பெயரை அம்மாதத் தாளின் கடைசி வரிசைக்குக் கீழே எழுதிவிட்டு, அடுத்த மாதத் தாளில் அவரை உரிய இடத்தில் சேர்க்கலாம்.

தேதி என்பது ஓர் எண்

A1 நுண்ணறையில் மாதத்தின் முதல் நாளை `2025-08-01` எனத் தட்டச்சிட வேண்டும். அட்டவணைச் செயலி இதனைச் சொல்லாகச் சேமிப்பதில்லை. 45870 என்னும் எண்ணாகச் சேமித்து, தேதியின் வடிவில் காட்டுகிறது. ஒரு நாள் கடந்தால் எண்ணில் ஒன்று கூடும். பின்வரும் வாய்பாடுகள் அனைத்தும் இவ்வுண்மையைச் சார்ந்தே இயங்குகின்றன. உள்ளிட்ட தேதி நுண்ணறையின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் அஃது எண்ணாக ஏற்கப்பட்டது எனலாம்; இடப்பக்கம் ஒட்டி நின்றால் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது என்று அறிந்து, மீண்டும் உள்ளிட வேண்டும்.

இனி, மூன்றாம் கிடைவரிசையில் தேதிகளை அமைப்போம். முதல் நாள் C3 இல் வருகிறது. D3 இல் உள்ள வாய்பாட்டை 28ஆம் நாளுக்குரிய AD3 வரை இழுத்து நிரப்ப வேண்டும்.

```
C3:  =$A$1
D3:  =C3+1
```

29, 30, 31 ஆகிய நாள்கள் எல்லா மாதங்களிலும் இரா. எனவே AE3, AF3, AG3 ஆகிய மூன்றிலும், அந்த நாள் அதே மாதத்தைச் சேர்ந்ததா என்று சோதித்த பின்னரே தேதியை எழுத வேண்டும்.

```
AE3:  =IF(MONTH($A$1+28)=MONTH($A$1);$A$1+28;"")
```

AF3 இல் 28 என்பதற்கு 29 எனவும், AG3 இல் 30 எனவும் மாற்றுக. மூன்றாம் கிடைவரிசைக்கு `D` என்னும் வடிவக் குறியீட்டை அளித்தால் நாளின் எண் மட்டும் தெரியும். C2 இல் `=C3` என எழுதி AG2 வரை நிரப்பி, `DDD` என்னும் குறியீட்டை அளித்தால் கிழமை தெரியும்.

வார இறுதிக்கு நிழல்

C2 முதல் AG43 வரை தேர்ந்தெடுத்து, `Format` → `Conditional` → `Condition` என்னும் பட்டியல் வழியே சென்று, `Formula is` என்பதைத் தெரிவு செய்து, பின்வரும் நிபந்தனையை எழுதி, சாம்பல் நிறப் பின்னணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

```
WEEKDAY(C$3;2)>5
```

இங்கு 2 என்பது திங்களை 1 எனக் கொண்டு எண்ணுமாறு பணிக்கிறது. அவ்வாறு எண்ணினால் சனி 6, ஞாயிறு 7. ஆகவே 5ஐ விட மிகுந்த எண் வார இறுதியைக் குறிக்கும்.

டாலர் குறியின் இடம் முதன்மையானது. `C$3` என்று எழுதினால் கிடைவரிசை மட்டும் நிலைபெறும். ஒவ்வொரு நெடுவரிசையும் தன் தலையிலுள்ள தேதியையே பார்க்கும். `$C$3` என்று எழுதிவிட்டால் எல்லா நுண்ணறைகளும் முதல் தேதியை மட்டுமே பார்க்கும். 2025 ஆகஸ்டு 1 வெள்ளிக்கிழமை. ஆதலால் எங்கும் நிழல் விழாது. A1 இல் நவம்பர் 1 என மாற்றினால், அது சனிக்கிழமையாதலால் தாள் முழுவதும் நிழல் படரும். சரியாக அமைந்த தாளிலோ நவம்பருக்கு 1, 2, 8, 9 எனத் தொடரும் வார இறுதிகள் மட்டும் நிழல் பெறும். 31ஆம் நாளின் தலைப்பு வெறுமையாக இருக்கும். இச்சோதனையைச் செய்த பின் A1 ஐ மீண்டும் ஆகஸ்டுக்கு மாற்றிக்கொள்க.

விழுக்காடு கணக்கிடுதல்

வந்தவர்க்கு P, வராதவர்க்கு A எனக் குறிப்போம். விடுமுறை நாள்களின் நுண்ணறைகள் வெறுமையாகவே இருக்கட்டும்.

```
AH4:  =COUNTIF(C4:AG4;"P")
AI4:  =AH4+COUNTIF(C4:AG4;"A")
AJ4:  =IF(AI4>0;AH4/AI4;"")
```

இவற்றை 43ஆம் கிடைவரிசை வரை நிரப்பி, AJ நெடுவரிசைக்கு விழுக்காட்டு வடிவத்தை அளிக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில் சனி ஐந்து, ஞாயிறு ஐந்து. எஞ்சிய 21 நாள்களில் 15ஆம் நாள் விடுதலை நாள். 27ஆம் நாள் விநாயகர் சதுர்த்தி. இவ்விரண்டையும் கழித்தால் வேலை நாள்கள் 19. அவற்றுள் 17 நாள் வந்த மாணவரின் வருகை ஏறத்தாழ 89.5 விழுக்காடு. அதே 17ஐ மாதத்தின் 31 நாள்களால் வகுத்தால் 54.8 விழுக்காடு என்றே வரும். வகுக்கும் எண் பிழைத்தால் ஒழுங்காக வந்த மாணவரும் பாதி நாள் வராதவராகத் தோன்றுவார் என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியர் ஒரு நாள் குறியிட மறந்தாலும், P என்பதன் பின் இடைவெளி தவறுதலாக விழுந்தாலும் அந்த நாள் கணக்கில் சேராது. இதனைக் கண்டறிய, `Holidays` என்னும் தாளில் A2 முதல் விடுமுறைத் தேதிகளை எழுதிவிட்டு, AI1 இல் வேலை நாள்களைத் தனியே கணக்கிடலாம்.

```
=NETWORKDAYS($A$1;EOMONTH($A$1;0);$Holidays.$A$2:$A$10)
```

இது 19 எனக் காட்டும்போது, மாத இறுதியில் ஒருவரின் AI மதிப்பு 18 என இருந்தால் அவருடைய வரிசையில் ஒரு குறி விடுபட்டுள்ளது அல்லது பிழைபட்டுள்ளது. எல்லார்க்கும் 20 என இருந்தால், சனிக்கிழமை ஒன்றில் பள்ளி நடந்திருக்கலாம். நிழல் விழுந்த நெடுவரிசையிலும் குறியிட முடியும். அக்குறி கணக்கிலும் சேரும். நிழல் கண்ணுக்கு வழிகாட்டுவதே. ஒரு நாள் பள்ளி நடந்ததா என்பதை முடிவு செய்வது, அந்நாளில் இட்ட குறியே.