கோபத்திலிருந்து கோரிக்கைக்கு: வங்கிக்கு ஒரு குறைதீர் மனு

பத்தாம் வகுப்புத் தமிழில் முறையீட்டுக் கடிதம் என்றதும், தரமற்ற உணவு வழங்கிய விடுதியைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் கடிதம்தான் மாணவர்களின் நினைவுக்கு வரும். தேர்வுக்கு அது போதும். பருத்திப்பட்டில் என் வகுப்பு மாணவன் ஒருவன் காட்டிய அலைபேசித் திரை அதைவிடப் பயனுள்ள பாடப்பொருளாக அமைந்தது.

அவனுடைய அக்கா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், பள்ளியில் படித்தபோதே தொடங்கிய இருப்புத்தொகை தேவையில்லாத வங்கிக் கணக்கில் வருகிறது. அந்தக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பணம் பிடித்திருந்தார்கள். இரவு பதினோரு மணிக்குத் தம்பி வங்கியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு வரிசையாகச் செய்திகளைத் தட்டியிருந்தான்:

“ஏழைங்க காசுன்னா அவ்ளோ இளக்காரமா? மாசாமாசம் திருடுறீங்க. 500 ரூபா போச்சு. எங்க அக்கா படிப்பு காசு அது. ஜீரோ பேலன்ஸ்னு சொல்லித்தானே தொறந்தீங்க? நாளைக்கே கேஸ் போடுவேன்.”

மறுமொழியாக வந்தது தானியங்கிப் பட்டியல்: இருப்பை அறிய 1, கடன் விவரத்துக்கு 2.

இந்தச் செய்தியை வகுப்பில் கரும்பலகையில் எழுதி, “இதில் வங்கி அலுவலர் சரிபார்க்கக் கூடிய வாக்கியம் எது?” என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு மாணவி ஜீரோ பேலன்ஸ் வாக்கியத்தைக் காட்டினாள். மனுவின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஐந்து வாக்கியங்களின் இரைச்சலுக்கு நடுவே அது காணாமல் போயிருந்தது.

அடுத்த நாள் கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டு எடுத்து வரச் சொன்னேன். MIN BAL CHG என்ற குறிப்புடன் இரண்டே பதிவுகள் இருந்தன: 30.06.2025 அன்று 177 ரூபாய், 30.09.2025 அன்று 177 ரூபாய். கட்டணம் 150, அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 27. ஆக மொத்தம் 354 ரூபாய். மாசாமாசம் என்பதும் தவறு, 500 என்பதும் தவறு. தொகையைக் கூட்டிச் சொன்னால் கோபத்துக்கு வலுச் சேரும் என்று தோன்றலாம். ஆனால் “தாங்கள் குறிப்பிடும் தொகை பிடித்தம் செய்யப்படவில்லை” என்று உண்மையாகவே பதில் எழுதிக் கோப்பை மூடிவிட அதுவே வழி செய்யும்.

அதே புத்தகத்தின் முதல் பக்கத்தில் கணக்கின் வகையும் அச்சிடப்பட்டிருந்தது: BSBD. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று பொருள். 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி இவ்வகைக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை. இந்த முதல் பக்கத்தைப் பார்க்காமல் மனு எழுதக் கூடாது. சாதாரணச் சேமிப்புக் கணக்காக இருந்தால் வாதமே வேறு. 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அறிவுறுத்தலின்படி, இருப்பு குறைந்ததும் வங்கி வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, “எனக்கு எப்போது தெரிவித்தீர்கள்?” என்பது. இரண்டு வாதங்களையும் ஒரே மனுவில் குழப்பினால் இரண்டுமே வலுவிழக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு மாணவன் எழுதிவந்த இரண்டாவது வரைவில் வசவு இல்லை. ஆனால், “நாங்கள் மிகவும் ஏழைக் குடும்பம், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து உதவ வேண்டும்” என்று இருந்தது. என் பார்வையில் இது முதல் வரைவைவிடச் சிக்கலானது. விதிப்படி திருப்பித் தர வேண்டிய தொகையை இது சலுகையாக மாற்றிவிடுகிறது. சலுகையை மறுக்கக் காரணம் வேண்டியதில்லை. உரிமையை மறுத்தால் காரணம் எழுத வேண்டும். வசவு, கெஞ்சல் இரண்டையும் நீக்கியபின் நின்றது இது:

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.
பொருள்: அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் தவறாகப் பிடித்தம் செய்த ரூ.354-ஐத் திரும்ப வரவு வைக்கக் கோருதல்.

ஐயா / அம்மா,
தங்கள் கிளையில் எனக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு உள்ளது (கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்: ....). குறைந்தபட்ச இருப்பு இல்லை என்ற காரணத்தால் 30.06.2025, 30.09.2025 ஆகிய நாள்களில் தலா ரூ.177 பிடித்தம் செய்யப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி இவ்வகைக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லை. எனவே வரி உட்பட ரூ.354-ஐ என் கணக்கில் திரும்ப வரவு வைத்து, இனி இக்கட்டணம் பிடிக்கப்படாதவாறு பதிவைச் சரிசெய்யக் கோருகிறேன். எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.
இணைப்பு: கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், பதிவுப் பக்கம் ஆகியவற்றின் நகல்கள்.
நாள்: 13.10.2025. கையொப்பம்.

கையொப்பம் அக்காவுடையது. கணக்கு அவர் பெயரில் இருப்பதால் தம்பி அனுப்பிய மனுவை வங்கி ஏற்க வேண்டியதில்லை. “வரி உட்பட” என்ற இரண்டு சொற்களை வேண்டுமென்றே சேர்த்தோம். அவை இல்லையென்றால் 300 ரூபாயை மட்டும் திருப்பிவிட்டு முடித்துவிட வாய்ப்புண்டு.

இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார்கள். மின்னஞ்சலிலோ வங்கியின் இணையப் பக்கத்திலோ அனுப்பினால் வரும் புகார் எண் அந்த முத்திரைக்குச் சமம். கவுண்டரில் வாயால் சொன்னதற்கு இப்படி எந்தத் தடயமும் மிஞ்சாது. வங்கியிடம் புகார் அளித்து 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்ததற்கான சான்றை அங்கே கேட்பார்கள். 2021 நவம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் விதிகளில் ஒன்றை மாணவர்களிடம் சொன்னபோது வகுப்பே சிரித்தது: புகார் வசைமொழியாக இருக்கக் கூடாது. இரவு பதினோரு மணிச் செய்தியை அப்படியே அனுப்பியிருந்தால், நியாயம் பக்கம் இருந்தும் வாசலிலேயே நின்றிருக்கும்.

ஒன்பதாம் நாள் வந்த பதில் ஒரே வரி: “விதிகளின்படியே கட்டணம் பிடிக்கப்பட்டுள்ளது.” நேரில் விசாரித்தபோது, ஆதார் விவரத்தைப் புதுப்பித்த சமயத்தில் கணக்கு சாதாரண வகைக்கு மாற்றப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். புத்தகத்தின் முதல் பக்கம் பழையது. கணினியில் இருந்த வகை வேறு. தம்பிக்கு மறுபடியும் கோபம். இந்த முறை அவனே சொன்னான், “சார், கேள்வி மட்டும் கேட்போம்.” முதல் மனுவின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டே வாக்கியங்கள் எழுதினார்கள்: “என் கணக்கின் வகையை மாற்றக் கோரி நான் விண்ணப்பிக்கவில்லை. எந்த நாளில், யார் கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் பேரில் அது மாற்றப்பட்டது என்பதைத் தெரிவித்து, அதன் நகலை வழங்கவும்.”

நகல் வரவில்லை. ஆறு நாள் கழித்து 354 ரூபாய் கணக்கில் வரவாகியிருந்தது. வகையும் பழையபடி மாறியதா என்று பார்க்க, டிசம்பர் 31-ஆம் தேதிப் பதிவுக்காகக் காத்திருந்தார்கள். பிடித்தம் ஏதும் இல்லை.

வகுப்பில் செய்ய விரும்புவோர் கடித அமைப்பில் தொடங்க வேண்டாம். மாணவர்களின் வீட்டில் உண்மையிலேயே நடந்த ஒன்றைக் கோபத்தோடு, பேச்சுவழக்கிலேயே எழுதச் சொல்லுங்கள். கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் அதில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதை மெய்ப்பிக்கும் தாளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். தாள் இல்லாத வாக்கியங்களை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினால் மனுவின் உடல் தயார். பெறுநர், பொருள், இணைப்பு ஆகியவற்றைச் சேர்க்கப் பத்து நிமிடம் போதும். எங்கள் வகுப்பில் இதற்கு இரண்டு பாடவேளைகள் ஆயின.